சம்பளக் கணக்கு பார்ப்பவர் ஆறு மாத லீவில் போனால்: நான்கு வழிகளில் எது தாங்கும்?

கோவைப் பக்கம் 220 பேர் வேலை செய்கிற ஒரு பம்பு உதிரிபாகத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் மேனேஜரோடு சேர்த்து ஐந்து பேர். ஒருவர் ஜிஎஸ்டி, ஒருவர் சேல்ஸ் பில்லும் வசூலும், ஒருவர் பர்ச்சேஸ் பில், ஒருவர் சம்பளக் கணக்கு. சம்பளக் கணக்கு பார்க்கிற அம்மாவுக்கு அக்டோபர் நடுவில் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 17ஆம் தேதியிலிருந்து லீவு கேட்கிறார்.

சட்டப்படி அவருக்கு 26 வாரம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்தில் 26 ஆனது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26தான். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். ஏற்கனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மட்டும் 12 வாரம். ஆக, ஆகஸ்ட் 17இல் போகிறவர் திரும்பி வருவது பிப்ரவரி 15. பிரசவத்தை ஒட்டிய உடல்நலக் குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒரு மாதம் வரை நீளும்.

இந்த ஆறு மாதத்துக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்தால் பொதுவாக நான்கு யோசனை வரும். இருக்கிற நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுப்பது. அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரை எடுப்பது. வெளியே ஒரு பேரோல் நிறுவனத்திடமோ ஆடிட்டர் அலுவலகத்திடமோ கொடுத்துவிடுவது. உள்ளேயே ஒருவரை அந்த நாற்காலிக்கு நகர்த்திவிட்டு, அவர் விட்டுப்போகிற வேலைக்கு ஆள் எடுப்பது. நான்காவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. இந்த மாதிரி அலுவலகத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த நாற்காலியில் உண்மையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலையை மணிக்கணக்கில் எழுதுவது

"சம்பளம் போடுவது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் எந்த வழியையும் எடைபோட முடியாது. லீவில் போகிறவரே இரண்டு மாதம் தன் வேலையைத் தேதியோடு குறித்துவந்தால் ஏறக்குறைய இப்படி ஒரு கணக்கு கிடைக்கும். பயோமெட்ரிக்கில் விட்டுப்போன பஞ்ச், ஷிஃப்ட் மாற்றம், லீவு எல்லாவற்றையும் சரிசெய்து வருகைப் பதிவேடான மஸ்டரை முடிப்பதற்கு மாதம் 40 மணி நேரம். சம்பளத்தை ஓட்டி, சரிபார்த்து, பேங்க் ஃபைல் தயாரிக்க 25. பிஎஃப், இஎஸ்ஐ சலானுக்கு 12. சம்பளத்தில் பிடிக்கிற டிடிஎஸ்ஸுக்கு 12. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பிஎஃப் எண்ணான யுஏஎன் எடுப்பது, கேஒய்சி, போகிறவர்களுக்குக் கணக்கு முடிக்கிற ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட், இதற்கு 30. "எனக்கு ஏன் இந்த மாசம் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல இன்னொரு 30. மேனேஜ்மென்ட்டுக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டுகளுக்கு 16. மொத்தம் 165.

வாரம் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒருவருக்கு மாதம் 200 மணி நேரம். மீதி 35 மணி நேரம் டீ, மீட்டிங், அடுத்த மேசைக்கு உதவி என்று போகும்.

இந்த 165ஐ அப்படியே யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. முதலில் குறைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு எந்த ரிப்போர்ட் இல்லாவிட்டால் யார் கேட்பார்கள் என்று பார்த்தால் 16 மணி நேரம் 6 ஆகிவிடும். சம்பளச் சந்தேகங்களுக்கு நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைக்காமல் புதன், சனி மாலை நான்கு முதல் ஐந்தரை வரை என்று நேரம் ஒதுக்கினால் 30 மணி நேரம் 18க்கு வரும். விட்டுப்போன பஞ்சை அந்தந்த சூப்பர்வைசரே 25ஆம் தேதிக்குள் ஒப்புதல் கொடுத்து அனுப்பட்டும் என்றால் 40இல் 10 குறையும். இப்போது 133. யாருக்கும் சுமை ஏற்றாமலேயே 32 மணி நேரம் போய்விட்டது. இதை லீவுக்கு முன்பே, அவர் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. சூப்பர்வைசர்கள் முதல் மாதம் முணுமுணுப்பார்கள். அதைச் சமாளிக்க எல்லோருக்கும் பழகிய ஆள் அப்போது அந்த இருக்கையிலேயே இருப்பார்.

பிரித்துக் கொடுப்பது: சராசரி பொய் சொல்லும் இடம்

முதல் வழிக்குச் செலவு இல்லை என்பதால் மேலிடத்துக்கு எப்போதும் இதுதான் பிடிக்கும். கணக்கும் சாதகமாகவே தெரியும். 165 மணி நேரத்தை நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 41. மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். "ஆறு மாசம்தானே, எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று மீட்டிங்கில் முடிவாகிவிடும்.

ஆனால் சம்பள வேலை மாதம் முழுக்கச் சீராக வருவதில்லை. 165இல் சுமார் 100 மணி நேரம் 27ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் விழுகிறது. சம்பளம் 7க்குள் போக வேண்டும், டிடிஎஸ் கட்டவும் 7தான் கடைசி. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் 15. அந்தப் பத்து நாளில் தலைக்கு நாளைக்கு இரண்டரை மணி நேரம் கூடுகிறது. சரி, அதையாவது தாங்கலாம் என்றால், மற்றவர்களும் அதே நாட்களில்தான் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார்கள். பர்ச்சேஸ் பில் பார்ப்பவருக்கு மாத முடிவில்தான் பில்கள் குவியும். வசூல் பார்ப்பவர் 31ஆம் தேதி வரை போனை வைக்க மாட்டார். ஜிஎஸ்டி பார்ப்பவருக்கு 11ஆம் தேதி விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1, 14ஆம் தேதி சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் அதைப் பில்களோடு ஒப்பிட்டு 20ஆம் தேதி வரி கட்டுகிற 3பி. ஆக, அவருக்கு ஒன்றாம் தேதியிலிருந்தே ஓட்டம்தான்.

ஆகவே யாருக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கேட்பதில் பயனில்லை. எந்தத் தேதியில் மிச்சம் என்று கேட்க வேண்டும். ஒரு தாளில் 1 முதல் 31 வரை எழுதி, ஐந்து பேரின் கெடு தேதிகளையும் அதில் குறித்தால் பத்து நிமிடத்தில் படம் தெரிந்துவிடும். பத்தாம் தேதிக்கு மேல் 25 வரை பர்ச்சேஸ் ஆளிடம் இடம் இருக்கும். ஜிஎஸ்டி ஆளுக்கு 21 முதல் 30 வரை ஓரளவு மூச்சு விடலாம். 27 முதல் 7 வரை ஒருவரிடமும் ஒன்றும் இருக்காது.

இன்னொரு சிக்கல், பிரித்த வேலையில் இடுக்கு விழும். ஒருவர் மஸ்டரை முடிக்கிறார், ஒருவர் சம்பளம் ஓட்டுகிறார், ஒருவர் சலான் போடுகிறார் என்றால் மூவருக்கும் நடுவில் இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். இஎஸ்ஐயையே எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பு மாதச் சம்பளம் 21,000 ரூபாய். ஒருவர் 20,400 வாங்குகிறார், ஜூலையில் இன்கிரிமென்ட் வந்து 22,000 ஆகிறது. புதிதாகப் பார்க்கிறவர் "வரம்பைத் தாண்டிவிட்டார்" என்று உடனே பிடித்தத்தை நிறுத்திவிடுவார். அது தப்பு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடிகிறவரை, அதாவது செப்டம்பர் சம்பளம் வரை, முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும். அக்டோபரிலிருந்துதான் நிறுத்த வேண்டும். நம் கதையில் ஜூலையில் பிடித்தம் தொடர வேண்டும் என்பதைப் பழையவர் பார்த்துக்கொள்வார். அக்டோபரில் நிறுத்த வேண்டும் என்பதை, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற அந்த மாதத்தில், யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? வேலையைத் துண்டு போட்டால் இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சொந்தக்காரர் இருக்க மாட்டார்.

கடைசியாக, பணம் போகிற வேலையில் தயாரிப்பவரும் ஒப்புதல் கொடுப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு. பிரித்துக் கொடுத்த அலுவலகங்களில் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் மேனேஜரே பேங்க் ஃபைலைத் தயாரித்து, அவரே ஒப்புதலும் கொடுக்க ஆரம்பிப்பார். யாரும் திருடப் போகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அதைப் பார்க்க இரண்டாவது கண் இல்லை.

அப்படியானால் இந்த வழிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. லீவு ஆறு வாரத்துக்குள் என்றால் இதுவே போதும். கருச்சிதைவுக்குச் சட்டம் தருவது ஆறு வாரம், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம். அவ்வளவு குறுகிய காலத்தில் ஒன்று அல்லது இரண்டு சம்பளச் சுற்றுதான் வரும், புது ஆள் எடுத்துப் பழக்குவதற்குள் அவர் திரும்பி வந்துவிடுவார். அப்போதும் ஒரு வேலையை முழுதாக ஒருவரிடம் கொடுங்கள், அந்த இரண்டு மாதத்துக்கு அவருடைய சொந்த வேலையில் ஒன்றைத் தள்ளிப்போடுங்கள்.

அதே நாற்காலிக்குத் தற்காலிக ஆள்

இரண்டாவது வழி பார்க்கச் சுத்தமானது. ஒருவர் போகிறார், ஒருவர் வருகிறார், மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களில், ஒரே வேலையை மூன்று நான்கு பேர் பார்க்கிற இடத்தில், இது நன்றாகவே நடக்கும். பக்கத்தில் கேட்க ஆள் இருக்கும்.

சம்பளம் பார்க்கிறவர் ஒருவர் மட்டுமே இருக்கிற இடத்தில் பிரச்சினை வேறு. வருகிறவருக்கு எக்செல்லும் டேலியும் பிஎஃப் தளமும் தெரிந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கு மட்டும் ஏன் நைட் ஷிஃப்ட் படி வேறு, யாருடைய அட்வான்ஸ் நவம்பரோடு முடிகிறது, கேன்டீன் பிடித்தம் எந்த ஏழு பேருக்கு இல்லை என்பதெல்லாம் தெரியாது. அதெல்லாம் எழுத்தில் இருப்பதில்லை, பழையவர் தலைக்குள் இருக்கும். அதைக் கைமாற்ற மூன்று சம்பளச் சுற்று வேண்டும் என்பது என் கணிப்பு. முதல் மாதம் பழையவர் செய்ய, புதியவர் பார்ப்பார். இரண்டாம் மாதம் புதியவர் செய்ய, பழையவர் பக்கத்தில் உட்காருவார். மூன்றாம் மாதம் புதியவர் தனியாகச் செய்வார், பழையவர் அதே அறையில் வேறு வேலை பார்ப்பார். ஆக ஆறு மாத லீவுக்கு ஒன்பது மாதம் ஆள் எடுக்க வேண்டும். லீவு நாட்களுக்கான தொகை வேறு தனியாகப் போகிறது. லீவில் இருப்பவர் இஎஸ்ஐக்குள் இருந்தால் அந்தத் தொகையை இஎஸ்ஐயே கொடுக்கும், அதற்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு நிறுவனம் கொடுக்க வேண்டும். சம்பளக் கணக்கில் அனுபவம் உள்ளவர் பெரும்பாலும் இரண்டாவது வகை.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஆறு மாதத்துக்கு என்று வருகிறவர் நிரந்தர வேலை கிடைத்தால் மூன்றாம் மாதமே கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது தீபாவளி போனஸ் போடுகிற மாதமாக இருந்தால் என்ன ஆகும்? சட்டப்படி போனஸ் கொடுக்க நவம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் தீபாவளிக்கு முன் கைக்கு வரவில்லை என்றால் கேட்டில் கூட்டம் நிற்கும். அந்த நேரத்தில் மிக முக்கியமான நாற்காலியில், அலுவலகத்தோடு மிகக் குறைந்த ஒட்டுறவு உள்ள ஆளை உட்கார வைத்திருக்கிறோம். 220 பேரின் சம்பள விவரமும் அவர் கையில். எனக்கு இந்த வழியில் மனம் ஒப்பாத இடம் இதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. "நன்றாகச் செய்தால் பெர்மனென்ட் ஆக்கிவிடுவோம்" என்று ஆசை காட்டி ஆளைப் பிடித்து வைக்கிற பழக்கம் இருக்கிறது. எந்த நாற்காலியில் என்று யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும். மகப்பேறு லீவில் இருப்பவரை அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்குவதும், அந்த நாட்களில் நோட்டீஸ் கொடுப்பதும், அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்ட விரோதம்.

வெளியே கொடுப்பது

பேரோல் நிறுவனத்திடம் கொடுத்தால் சம்பளம் ஓட்டுவது, சலான், டிடிஎஸ், ரிட்டர்ன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேதி தவறாது. பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற நினைப்பு வரும். மேலே போட்ட பட்டியலை எடுத்துப் பாருங்கள். அவர்கள் எடுத்துக்கொள்வது சம்பளம் ஓட்டுகிற 25, சலான் 12, டிடிஎஸ் 12, யுஏஎன், செட்டில்மென்ட்டில் பாதி 15. மொத்தம் 64 மணி நேரம். மஸ்டரைச் சரிசெய்வது, யாருக்கு என்ன இன்கிரிமென்ட் என்று எழுதி அனுப்புவது, வேலையாட்களுக்குப் பதில் சொல்வது, ரிப்போர்ட் எல்லாம் நம்மிடமே நிற்கும். அது இன்னும் 101 மணி நேரம். அந்த 101ஐ யார் செய்வது என்று கேட்டால் பேச்சு மறுபடி முதல் வழியிலேயே வந்து நிற்கும்.

தவறான விவரம் அனுப்பினால் தவறான சம்பளம்தான் திரும்பி வரும். திருத்தத்துக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் இருந்தவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தது இப்போது இரண்டு நாள் ஆகும். தொடங்கும்போது ஒரு மாதமாவது இரண்டு பக்கமும் சம்பளத்தை ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்காமல் மாறக் கூடாது. பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம் கேட்பார்கள், அதையும் பேசிக்கொள்ள வேண்டும்.

என் யோசனை, முழுதாகக் கொடுக்காமல் ஒரு துண்டை மட்டும் கொடுப்பது. காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் அதற்குச் சரியானது. ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை இரண்டுதான் வரும், அக்டோபர் 31, ஜனவரி 31. தாமதமானால் நாளைக்கு 200 ரூபாய். ஆடிட்டர் அலுவலகத்துக்கு அது தினசரி வேலை. நமக்கோ, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கை பழகவே பழகாது.

நகர்த்துவது

இப்போது நான்காவது வழி. பர்ச்சேஸ் பில் பார்க்கிறவர் மூன்று வருடமாக இங்கே இருக்கிறார், சூப்பர்வைசர்களைத் தெரியும், எந்தப் பிரிவில் யார் என்று தெரியும். அவரைச் சம்பளக் கணக்குக்கு நகர்த்துகிறோம். அவருடைய வேலை மாதம் 180 மணி நேரம் என்று வையுங்கள். அதில் 140 மணி நேரம் பில்லை எடுத்து, சரக்கு வந்த சீட்டோடு ஒப்பிட்டு, பதிவு போடுவது. பி.காம் முடித்த ஒருவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். மீதி 40 மணி நேரம் சப்ளையர்களின் கணக்கை நம் கணக்கோடு சரிபார்ப்பது. அதற்கு அனுபவம் வேண்டும், ஆனால் 10ஆம் தேதிக்கும் 25ஆம் தேதிக்கும் நடுவில் செய்யக்கூடியது.

ஆக, அவர் கையில் 133 மணி நேரச் சம்பள வேலையும் 40 மணி நேரச் சரிபார்ப்பும், மொத்தம் 173. டிடிஎஸ் ரிட்டர்ன் வெளியே போய்விட்டதால் அந்த மாதங்களில் இன்னும் கொஞ்சம் குறையும். தேதிகளும் மோதவில்லை. பதிவு போடுகிற 140 மணி நேரத்துக்குத் தற்காலிக ஆள். ஜிஎஸ்டி, வசூல் இருவரிடமும் ஒரு மணி நேரம்கூட ஏறவில்லை. மேனேஜருக்குச் சம்பளத்தைச் சரிபார்க்கக் கூடுதலாக எட்டுப் பத்து மணி நேரம் போகும். தயாரிப்பவர் வேறு, ஒப்புதல் வேறு என்பதும் அப்படியே நிற்கிறது.

செலவிலும் இது இரண்டாவது வழியைவிட அதிகமாகாது. பதிவு போடுகிறவருக்கான சம்பளம் அனுபவமுள்ள சம்பளக் கணக்கருடையதைவிடக் குறைவு. அந்த மிச்சத்தில் நகர்ந்தவருக்கு மாதாமாதம் ஒரு படி கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். முக்கியமான வித்தியாசம் ஆபத்தில்தான். தற்காலிக ஆள் நடுவில் கிளம்பினால் பில் பதிவு பத்து நாள் தேங்கும், சப்ளையர் இரண்டு பேர் போன் போட்டுத் திட்டுவார்கள். யாருடைய சம்பளமும் நிற்காது. காலியிடம் எப்படியும் ஒன்று விழத்தான் போகிறது, அது கீழே விழட்டும்.

இந்த வழி கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. நகர்ந்தவருக்கு எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் "பாத்துக்கோப்பா" என்று விட்டுவிடுவது. ஆறு மாதம் பெரிய வேலையைச் செய்துவிட்டு பிப்ரவரியில் பழைய மேசைக்குப் போ என்றால் யாருக்கும் கசக்கும். தொடங்கும்போதே கடிதம் கொடுத்துவிட வேண்டும். எந்தத் தேதி வரை, எவ்வளவு படி, திரும்பும்போது என்ன என்பது மூன்றும் அதில் இருக்கட்டும். மூன்றாவதுக்கு என்னிடம் இருக்கிற பதில், லீவு முடிந்த பிறகும் செட்டில்மென்ட்டும் புதியவர்களைச் சேர்ப்பதும் அவரிடமே இருக்கட்டும் என்பதுதான். திரும்பி வருகிற அம்மாவுக்கும் அது சுமைக் குறைப்பு. அவருடைய சம்மதத்தோடு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர் இல்லாத நேரத்தில் வேலையைப் பிடுங்கியதாக ஆகிவிடும்.

நகர்த்த ஆள் இல்லாத அலுவலகமும் உண்டு. மூன்று பேர் மட்டுமே இருந்தால், அல்லது அடுத்த நிலையில் இருப்பவர் சேர்ந்தே நான்கு மாதம்தான் ஆகிறது என்றால், இந்த வழி கிடையாது. அங்கே வெளியே கொடுப்பதையும் மஸ்டருக்கு ஒரு பகுதிநேர ஆளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காலண்டரை எழுதும்போது

மூன்று சுற்று ஹேண்ட்ஓவர் என்றால் ஆகஸ்ட் 17க்கு முன் மே, ஜூன், ஜூலைச் சம்பளங்கள். மே சம்பளம் ஓடுவது மே கடைசியில். ஆகவே ஏப்ரலில் முடிவு எடுத்து, மே நடுவில் தற்காலிக ஆள் வந்துவிட வேண்டும். நான்காம் ஐந்தாம் மாதத்தில் பெரும்பாலானவர்கள் அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள் என்பதால் இது முடியாத காரியம் அல்ல. வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போகிற வழக்கமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் இருக்கும் தேதியைவிட அந்தத் தேதியே நம்பகமானது. டாக்டர் திடீரென்று படுக்கையில் ஓய்வு என்று சொல்வதும் நடக்கும். அதனால் ஜூன் சம்பளமே புதியவர் கையால் போகிற மாதிரி ஏற்பாடு இருக்கட்டும்.

லீவுக்குள் விழுகிற மாதாந்திரம் அல்லாத வேலைகள்தான் தவறிப்போகும். செப்டம்பர் 30க்குள் மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய அரையாண்டுத் தொழில்வரி. அக்டோபரில் இஎஸ்ஐ வரம்பைத் தாண்டியவர்களை நீக்குவது. தீபாவளி போனஸ். ஜனவரி 31க்குள் தொழிலாளர் நல நிதி. ஜனவரியில் வருமான வரிக்கான முதலீட்டு ஆதாரங்களை வாங்குவது. இதை லீவில் போகிறவரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், நாற்பது பக்க மேனுவல் யாரும் படிக்கப் போவதில்லை.

இன்னொன்று ஓடிபி. பிஎஃப் தளம், இஎஸ்ஐ தளம், வருமான வரித் தளம் எதில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று ஜூலையிலேயே பாருங்கள். பெரும்பாலும் சம்பளம் பார்ப்பவரின் சொந்த எண்தான் இருக்கும், வருடக் கணக்காக யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மாற்றாமல் விட்டால் அக்டோபர் 15ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் பிரசவ வார்டில் இருப்பவருக்கு ஒரு போன் போகும். "ஒரு நிமிஷம்மா, ஓடிபி மட்டும் சொல்லிடுங்க." பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலை வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஓடிபி கேட்பது வேலையா இல்லையா என்று வாதாடுவதைவிட எண்ணை மாற்றிவிடுவது எளிது. டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் யார் டிராயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஏற்பாடு சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு அளவு போதும். சம்பளம் போன பிறகு செய்கிற திருத்தங்கள் எத்தனை, சலான் எந்தத் தேதியில் கட்டப்படுகிறது. மாதம் நான்கு ஐந்து திருத்தம் இருந்த இடத்தில் முதல் மாதம் பன்னிரண்டு வந்தால் பரவாயில்லை. மூன்றாம் மாதமும் பன்னிரண்டு என்றால் ஹேண்ட்ஓவர் ஒட்டவில்லை. சலான் 10, 12ஆம் தேதியிலிருந்து 15ஆம் தேதி மாலைக்கு நகர்ந்தால் யாரோ ஒருவருக்கு நேரம் போதவில்லை என்று அர்த்தம். டிடிஎஸ்ஸில் ஒரு நாள் தாமதமும் முழு மாதமாகக் கணக்காகி ஒன்றரை சதவீத வட்டி வரும். ஆகவே அங்கே விளிம்பில் நிற்கவே கூடாது.

பிப்ரவரி 15இல் அவர் வந்து உட்கார்ந்ததும் தற்காலிக ஆளை அன்றே அனுப்பிவிட வேண்டாம். வருட முடிவு நெருங்குகிற நேரம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை அவருக்குச் சட்டப்படி உண்டு. ராத்திரித் தூக்கமும் இருக்காது. மார்ச் கடைசி வரை அந்த ஆள் இருக்கட்டும். பிப்ரவரிச் சம்பளத்தை நகர்ந்தவரே போடட்டும், மார்ச் சம்பளத்திலிருந்து அம்மா எடுத்துக்கொள்ளட்டும். வீட்டிலிருந்து வேலை என்பதையும் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சம்பள வேலையில் 8ஆம் தேதியிலிருந்து 24 வரை அது நன்றாகவே சாத்தியம்.

மருத்துவ லீவு என்றால்

அறுவை சிகிச்சை, விபத்து, நீண்ட சிகிச்சை என்று வந்தால் மேலே சொன்ன மூன்று சுற்று ஹேண்ட்ஓவர் கிடையாது. திங்கள்கிழமை காலை ஆள் இல்லை, அவ்வளவுதான். எப்போது வருவார் என்பதும் தெரியாது. டாக்டர் சான்றிதழ் இரண்டு வாரம் இரண்டு வாரமாக நீளும். ஒவ்வொரு முறையும் "அடுத்த மாசம் வந்துடுவார்" என்ற நம்பிக்கையில் மற்றவர்கள் தாங்கிக்கொண்டே போவார்கள். மகப்பேறு லீவைவிட இதில்தான் அணி அதிகம் தேய்கிறது, ஏனென்றால் முடிவெடுக்கிற நாள் என்று ஒன்று வருவதே இல்லை.

அதனால் அந்த நாளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் 30 நாள் பிரித்துக்கொள்ளலாம், அந்த மாதச் சம்பளத்துக்கு ஆடிட்டர் அலுவலகத்தின் உதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். தெரியாத விதிவிலக்குகளுக்குப் போன மாதச் சம்பளத்தையே மாதிரியாக வைத்து ஓட்டிவிட்டு, வித்தியாசத்தை அடுத்த மாதம் சரிசெய்வதாக நோட்டீஸ் போர்டில் எழுதிவிடலாம். வேலையாட்கள் அதைப் புரிந்துகொள்வார்கள், சம்பளம் தள்ளிப்போவதைத்தான் பொறுக்க மாட்டார்கள். முப்பதாவது நாள் சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் நகர்த்துகிற வேலையைத் தொடங்கிவிடுங்கள், கீழே ஆள் எடுத்துவிடுங்கள். மூன்று மாத ஒப்பந்தம் போடலாம். அவர் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டால் இரண்டு மாதம் ஒரு ஆள் கூடுதலாக இருப்பார், தேங்கிக் கிடக்கிற சப்ளையர் கணக்குகளை அவரை வைத்து முடித்துக்கொள்ளலாம். வருமானத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டால், இஎஸ்ஐக்குள் இருப்பவருக்கு நோய்க்காலப் பயனாக வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், தீவிரமான சில நோய்களுக்கு அதற்கு மேலும் உண்டு. அந்தச் சான்றிதழ்களை இஎஸ்ஐ மருந்தகத்தில் வாங்கிச் சேர்க்க வீட்டாருக்குச் சொல்லித்தர அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்புங்கள். இத்தனை வருடமும் மற்றவர்களுக்கு அதைச் செய்துகொடுத்தவர் அவர்தான் என்பதால், வேறு யாருக்கும் அந்த வழி தெரிந்திருக்காது.